கட்டணம் கேட்காத படிவ வேலையில் பொறி எங்கே இருக்கிறது?

கேள்வி: வாட்ஸ்அப்பில் ஃபார்ம் ஃபில்லிங் வேலை ஒன்று வந்திருக்கிறது. 5 நாளில் 500 ஃபார்ம் அடித்துக் கொடுத்தால் 12,000 ரூபாயாம். ஆதார், பான், போட்டோ, வெள்ளைத்தாளில் கையெழுத்து எல்லாம் இன்று இரவுக்குள் அனுப்பச் சொல்கிறார்கள். பதிவுக் கட்டணம் எதுவும் கேட்கவில்லை, அதனால் நம்பலாம் என்று தோன்றுகிறது. அனுப்பலாமா மேடம்?

பதில்:

அனுப்ப வேண்டாம். நீங்கள் விவரித்திருப்பது பல ஆண்டுகளாக ஒரே அச்சில் நடந்துவரும் மோசடி. இதில் முதலில் பணம் கேட்கமாட்டார்கள். முன்பணம் கேட்டால் ஏமாற்று என்பது இப்போது பலருக்கும் தெரிந்துவிட்டதால், பணத்தை வேலை முடிந்த பிறகு மிரட்டி வாங்கும் முறைக்கு இவர்கள் மாறியிருக்கிறார்கள். அந்த மிரட்டலுக்குத் தேவையான பொருள்களைத்தான், அதாவது உங்கள் அடையாள ஆவணங்களையும் கையெழுத்தையும், இப்போது கேட்கிறார்கள்.

நான் பதினைந்து ஆண்டுகளாகத் தட்டச்சும் மெய்ப்பும் பார்த்துப் பிழைப்பவள். என்னிடம் வேலை கற்றுக்கொண்ட ஒரு பெண் இதே போன்ற அழைப்பில் சிக்கி, இரண்டு தவணையாகப் பணம் கட்டிய பிறகே என்னிடம் சொன்னார். அவருடைய ஒப்பந்தத்தையும், அவருக்கு வந்த 'தர அறிக்கை'யையும், 'வக்கீல் நோட்டீஸை'யும் வரி வரியாகப் படித்திருக்கிறேன். அதைக் கொண்டே இது எப்படி இயங்குகிறது என்று சொல்கிறேன்.

ஆவணங்கள் போனதும் ஒப்பந்தம் ஒன்று வரும். அதன் முதல் பக்கம் 100 அல்லது 500 ரூபாய் இ-ஸ்டாம்ப் தாளாக இருக்கும். அரசு முத்திரையைப் பார்த்ததும் இது அரசே ஒப்புக்கொண்ட வேலை என்ற எண்ணம் பலருக்கு வந்துவிடுகிறது. முத்திரைத்தாள் காட்டுவது ஒன்றை மட்டும்தான்: அந்தத் தாளுக்கான வரி கட்டப்பட்டிருக்கிறது. அதில் எழுதியிருப்பது உண்மையா, எழுதிய நிறுவனம் இருக்கிறதா என்பதையெல்லாம் யாரும் சரிபார்ப்பதில்லை. சில நேரம் அந்தத் தாளே வேறொரு ஆவணத்திலிருந்து வெட்டி ஒட்டியதாக இருக்கும்.

அடுத்து ஓர் இணையதளத்தில் நுழையப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தருவார்கள். ஒரு பக்கம் மங்கலான படமாகப் படிவம் தெரியும், மறுபக்கம் காலிக் கட்டங்கள் இருக்கும். பெயர், முகவரி, தொலைபேசி எண், கணக்கு எண் என்று ஒரு படிவத்துக்கு இருபது முப்பது கட்டங்களை நிரப்ப வேண்டும். 90 விழுக்காடு சரியாக இருந்தால் முழுப்பணம் என்பது ஒப்பந்த நிபந்தனை. நூற்றுக்குப் பத்துப் பிழை வரை மன்னிப்பார்கள் போலிருக்கிறதே என்று படிப்பவர் நினைப்பார். இன்னொரு பக்கத்தில், ஒரு கட்டத்தில் பிழை இருந்தாலும் அந்தப் படிவம் முழுவதும் பிழையாகக் கொள்ளப்படும் என்று ஒரு வரி இருக்கும். பொறி அந்த வரியில்தான் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு படிவத்துக்கு 25 கட்டங்கள் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் நூறு கட்டத்தில் 99-ஐச் சரியாக அடிக்கக்கூடியவர், அதாவது நல்ல தட்டச்சர். ஒரு படிவத்தின் 25 கட்டங்களும் பிழையில்லாமல் அமைய 0.99-ஐ இருபத்தைந்து முறை பெருக்க வேண்டும், கிடைப்பது ஏறத்தாழ 0.78. ஆகவே 500 படிவத்தில் 390 அளவுக்குத்தான் தேறும். அவர்கள் கேட்பது 450. அதை எட்ட வேண்டுமானால் ஆயிரம் கட்டத்துக்கு நான்கு பிழைக்கு மேல் வரக்கூடாது. மங்கலான படத்தில் பூஜ்யத்துக்கும் 'ஓ' எழுத்துக்கும், ஒன்றுக்கும் 'எல்' எழுத்துக்கும் வேறுபாடு தெரியாத நிலையில், நாளுக்கு 2,500 கட்டங்களை நிரப்பிக்கொண்டு, அந்தத் துல்லியத்தை யாராலும் எட்ட முடியாது. எட்டினாலும் பயனில்லை, ஏனென்றால் சரியான விடைத்தாள் அவர்களிடம் மட்டுமே இருக்கிறது, திருத்துபவரும் அவர்களே. மேற்சொன்ன பெண்ணின் தர அறிக்கையில், முகவரியில் ஒரு காற்புள்ளிக்குப் பிறகு இடைவெளி விடவில்லை என்பதற்காகவே பல படிவங்கள் தள்ளப்பட்டிருந்தன.

ஐந்தாம் நாள் தளம் திறக்காமல் போவதும் உண்டு. நேரத்துக்கு முடிக்கவில்லை என்பதும் ஒப்பந்த மீறல்தானே என்பார்கள்.

அதன் பிறகுதான் பணம் பேசப்படும். தேர்ச்சி பெறாதவர் தளப் பராமரிப்புச் செலவை ஈடுகட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வாசகம் இருக்கும். அந்தப் பெண்ணிடம் 6,500 ரூபாய் கேட்டார்கள். கட்ட மறுத்ததும் 'வக்கீல்' ஒருவர் அழைத்து, மாலைக்குள் கட்டாவிட்டால் உங்கள் ஊர்க் காவல் நிலையத்துக்குத் தகவல் போகும், நீங்கள் நேரில் எங்கள் மாநில நீதிமன்றத்துக்கு வர வேண்டியிருக்கும் என்றார். அந்தப் பெண் பயந்து கட்டினார். மறுநாள், வழக்கை முடித்துவைக்கத் தடையில்லாச் சான்று வேண்டும், அதற்கு 4,900 ரூபாய் என்றார்கள். அதையும் கட்டினார். மூன்றாவதாக வரி என்று ஒரு தொகை கேட்டபோதுதான் என்னிடம் வந்தார். முதல் தொகையைக் கட்டியவர் அடுத்ததையும் கட்டுவார் என்பது அவர்களுக்குத் தெரியும், எனவே கட்டுவதால் அழைப்புகள் ஓய்வதில்லை.

இந்த மிரட்டலில் உண்மை எவ்வளவு என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒப்புக்கொண்ட வேலையை முடிக்காமல் போவது குற்றமல்ல, அது உரிமையியல் விவகாரம். அதற்காகக் காவல்துறை யாரையும் கைது செய்ய முடியாது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 74, ஒப்பந்தத்தில் அபராதத் தொகை எழுதியிருந்தாலும் நியாயமான இழப்பீட்டுக்கு மேல் பெற முடியாது என்கிறது. ஏமாற்றிப் பெற்ற சம்மதத்தின்மேல் அமைந்த ஒப்பந்தத்தை ஏமாந்தவர் தள்ளிவிடலாம் என்பதும் அதே சட்டத்தில் உள்ளது. மாறாக, அச்சுறுத்திப் பணம் பறிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 308-ஆம் பிரிவின்படி குற்றம். வக்கீல் நோட்டீஸ் என்பது ஒரு தரப்பு எழுதும் கடிதம், நீதிமன்ற ஆணையல்ல. உண்மையிலேயே வழக்குத் தொடர்ந்திருந்தால் அதற்கு 16 எழுத்தும் எண்ணும் கொண்ட ஓர் அடையாள எண் இருக்கும், ecourts.gov.in தளத்தில் அந்த எண்ணை இட்டால் வழக்கு எந்த நீதிமன்றத்தில் இருக்கிறது என்பது தெரியும். அந்தப் பெண்ணுக்கு வந்த 'சம்மன்' தாளில் அப்படி எந்த எண்ணும் இல்லை.

இனி, இதையெல்லாம் ஆவணம் அனுப்புவதற்கு முன்பே எப்படிக் கண்டுகொள்வது என்று பார்ப்போம். உங்களுக்கு வந்த செய்தியிலேயே இரண்டு தடயங்கள் இருக்கின்றன. நீங்கள் விண்ணப்பிக்காத வேலை உங்களைத் தேடி வந்திருக்கிறது, உங்கள் தட்டச்சு வேகத்தையோ முன்பு செய்த வேலையையோ யாரும் கேட்கவில்லை. ஐந்து நாளைக்கு 12,000 என்றால் நாளுக்கு 2,400 ரூபாய். திறமை பாராமல் அந்தக் கூலியைத் தட்டச்சுக்கு யாரும் தருவதில்லை. வேலை கொடுப்பவர் கவலைப்பட வேண்டியது வேலை சரியாக வருமா என்பதைப் பற்றி. இவர்களோ உங்கள் கையெழுத்து எப்போது வரும் என்பதைப் பற்றி மட்டுமே கவலைப்படுகிறார்கள்.

ஐயம் தீர வேண்டுமானால் நிறுவனத்தின் பதிவுப் பெயரையும் ஜி.எஸ்.டி. எண்ணையும் கேளுங்கள். அந்த எண் 15 இடங்கள் கொண்டது. முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைக் குறிக்கும், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து இடங்கள் அந்த நிறுவனத்தின் பான் எண். gst.gov.in தளத்தில் வரி செலுத்துபவரைத் தேடும் பகுதியில் அதை இட்டால், உள்நுழையாமலேயே, சட்டப்படியான பெயரும் பதிவு நாளும் பதிவு நடப்பில் இருக்கிறதா என்பதும் தெரியும். பத்து ஆண்டுகளாக இயங்குகிறோம் என்பவர்களின் பதிவு மூன்று மாதத்துக்கு முந்தையதாக இருந்தால் அதற்கு மேல் பேசத் தேவையில்லை.

ஆனால் இந்தச் சோதனைக்கு இரண்டு எல்லைகள் உண்டு. சேவைத் தொழிலில் ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய் வரை வரவுள்ளவர்கள் பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு செய்யத் தேவையில்லை, ஆகவே எண் இல்லாத சிறு பதிப்பகமோ கடையோ உண்மையான வேலையைத் தரலாம். இதற்கு நேர்மாறாக, மோசடிக்காரர் நல்ல நிறுவனம் ஒன்றின் உண்மையான எண்ணையே எடுத்துக்கொடுக்கலாம், அது தளத்தில் அழகாகப் பொருந்தவும் செய்யும். எனவே எண் பொருந்துகிறதா என்பதோடு நிறுத்தாமல், அந்த நிறுவனத்தின் தொலைபேசியையோ மின்னஞ்சலையோ நீங்களே வேறு வழியில் தேடி எடுத்து, இந்தப் பெயருள்ளவர் உங்களிடம் வேலை செய்கிறாரா, இந்த வேலையை நீங்கள் கொடுத்தீர்களா என்று கேளுங்கள். அவர்கள் அனுப்பிய இணைப்பில் இருக்கும் எண்ணுக்கு அழைத்துக் கேட்பதில் பொருளில்லை, எடுப்பவரும் அவர்களே. மின்னஞ்சலில் '@' குறிக்குப் பின்னால் வரும் பெயரை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். ஓர் எழுத்தை மாற்றியோ நடுவில் ஒரு கோடு சேர்த்தோ நிறுவனத்தின் பெயரைப் போலவே தோன்றும் முகவரியை வாங்குவது எளிது.

ஆவணங்களைப் பொறுத்தவரை, எதற்கு எது தேவை என்று தெரிந்தால் குழப்பம் வராது. உங்களுக்குப் பணம் அனுப்ப யு.பி.ஐ. முகவரியோ, வங்கிக் கணக்கு எண்ணும் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடுமோ போதும். வரி பிடித்தம் செய்யும் நிறுவனம் பான் எண்ணைக் கேட்பது முறையானதே, ஆனால் அது பணம் கொடுக்கும் நேரத்தில் எழும் தேவை, அறிமுகமாகும் நாளில் அல்ல. படிவம் அடிக்கும் வேலைக்கு முழு ஆதார் தேவைப்படுவதில்லை. வேறு எங்காவது அடையாளம் காட்டியே ஆக வேண்டுமென்றால், ஆதார் தளத்திலிருந்து கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைத் தரவிறக்கி, அதன் குறுக்கே யாருக்காக, எதற்காக, எந்த நாளில் தருகிறீர்கள் என்று எழுதி அனுப்புங்கள். வெள்ளைத்தாளில் வெறும் கையெழுத்தை மட்டும் யாருக்கும் எதற்காகவும் படமெடுத்து அனுப்பாதீர்கள். நீங்கள் பார்த்திராத ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் அது போய் ஒட்டிக்கொள்ளும், நீங்கள் ஒப்பமிட்டதாகவே இருக்கும்.

உங்கள் கேள்வியில் இல்லாவிட்டாலும், அடுத்து இது உங்களுக்கு வரக்கூடும் என்பதால் மாதிரி வேலை பற்றி ஒரு சொல். மொழிபெயர்ப்பிலும் மெய்ப்பிலும் மாதிரி கேட்பது வழக்கமான ஒன்றுதான். ஆனால் அது ஒரு பக்கம், மிஞ்சினால் முந்நூறு சொல். பத்துப் பக்கம் கேட்பவர், அதிலும் ஓர் அத்தியாயத்தின் நடுவிலிருந்து தொடங்கும் பகுதியைக் கொடுப்பவர், இருபது பேருக்கு இருபது பகுதியைப் பிரித்துக்கொடுத்து ஒரு புத்தகத்தை இலவசமாக முடித்துக்கொள்ளப் பார்க்கிறார் என்று நான் சந்தேகிப்பேன். உங்கள் மாதிரிக்குப் பதிலாக நான் தேர்ந்தெடுத்த வேறொரு பத்தியைச் செய்து அனுப்பட்டுமா என்று கேளுங்கள். திறமையைப் பார்க்க விரும்புபவர் ஒப்புக்கொள்வார்.

பணம் பெறும் இடத்திலும் இதே ஆட்கள் வேறு முகத்தோடு வருவார்கள். யு.பி.ஐ.யில் பணம் பெறுவதற்கு உங்கள் ரகசிய எண்ணை அழுத்த வேண்டிய தேவையே இல்லை. சம்பளம் வர கியூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்து எண்ணை இடுங்கள் என்றால், பணம் உங்கள் கணக்கிலிருந்து போகப்போகிறது என்று பொருள். இன்னொன்று இதைவிட நயமானது: 2,000 ரூபாய் தர வேண்டியவர் தவறுதலாக 20,000 அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பிவிடுங்கள் என்பார், கூடவே ஒரு குறுஞ்செய்தியோ ஸ்கிரீன்ஷாட்டோ வரும். குறுஞ்செய்தியை நம்பாமல் வங்கிச் செயலியில் கணக்கு அறிக்கையைத் திறந்து பாருங்கள், பெரும்பாலும் அங்கே பணமே வந்திருக்காது. உண்மையிலேயே வந்திருந்தால் அது இன்னும் கவலைக்குரியது, ஏனென்றால் அது வேறொருவரிடம் திருடிய பணமாக இருக்கலாம். அவர் சொன்ன எண்ணுக்கு அனுப்பினால் திருட்டுப் பணம் கைமாறும் பாதையில் உங்கள் கணக்கும் ஒன்றாகி, புகார் வரும்போது முடக்கப்படும். வங்கிக் கிளைக்கு எழுத்தில் தெரிவித்து, வந்த வழியிலேயே திருப்பச் சொல்லுங்கள். வாடிக்கையாளர் பணத்தை உங்கள் கணக்கில் வாங்கி, தரகு எடுத்துக்கொண்டு மீதியை அனுப்பும் 'வேலை' என்று வருவதும் இதே வகைதான்.

இன்று நீங்கள் செய்ய வேண்டியது சிறியது. அவர்களுக்கு இப்படி எழுதுங்கள்: "ஒப்பந்தத்தின் முழு வரைவையும் முதலில் அனுப்புங்கள். படித்துப் பார்த்த பிறகே ஆவணங்களைத் தருவேன். ஒவ்வொரு 50 படிவத்துக்கும் அந்தந்த நாளில் பணம் தருவதாக இருந்தால் வேலையைத் தொடங்குகிறேன்." சிறு பகுதிகளாக வேலை கொடுத்துச் சிறு பகுதிகளாகப் பணம் தருவது நேர்மையான ஒருவருக்குக் கடினமல்ல. மோசடிக்காரருக்கு அது ஒத்துவராது, ஏனென்றால் அவருக்குத் தேவை நீங்கள் தோற்கும் ஐந்தாம் நாள். அவசரப்படுத்துவார்கள், இடம் போய்விடும் என்பார்கள், அல்லது பதிலே வராது.

ஒருவேளை இதை எழுதுவதற்குள் ஏதாவது அனுப்பிவிட்டீர்கள் என்றால், பதற வேண்டாம். உரையாடல், எண்கள், ஒப்பந்தம் எல்லாவற்றையும் படமெடுத்து வைத்துக்கொண்டு, cybercrime.gov.in தளத்தில் புகாரைப் பதிவு செய்யுங்கள். பணமும் போயிருந்தால் 1930 என்ற எண்ணை உடனே அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் நிறுத்தும் வாய்ப்பு முதல் சில மணி நேரத்தில்தான் அதிகம். ஆதார் தளத்தில் கைரேகையைப் பூட்டிவிடுங்கள். இரண்டு மூன்று மாதம் கழித்து உங்கள் கடன் அறிக்கையை எடுத்து, உங்கள் பெயரில் தெரியாத கடன் ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். கடன் தகவல் நிறுவனம் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையைக் கட்டணமில்லாமல் தர வேண்டும். வக்கீல் என்று யாராவது அழைத்தால், எதுவாக இருந்தாலும் அஞ்சலில் அனுப்புங்கள் என்ற ஒரே வாக்கியத்தைச் சொல்லி வைத்துவிடுங்கள். அஞ்சலில் உண்மையான நீதிமன்றத் தாள் வந்தால் மட்டும் அதை ஒதுக்காமல், உங்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு எடுத்துச் செல்லுங்கள், அல்லது 15100-ஐ அழையுங்கள். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு அங்கே இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. நான் சொன்ன பெண் அங்கேதான் போனார். பணம் திரும்பவில்லை, ஆனால் அங்கிருந்த வழக்கறிஞர் அந்த நோட்டீஸைப் பார்த்துவிட்டு, இதற்குப் பதில் எழுதவும் தேவையில்லை என்று சொன்ன பிறகு, அவர் அந்த எண்களை முடக்கினார். ஒன்றரை ஆண்டாகிறது, எந்த நீதிமன்றத்திலிருந்தும் எதுவும் வரவில்லை.